சிரித்தபடி துக்கம் சொன்ன கண்ணையா

கண்ணையாவுக்குப் பக்கவாதம் என்று முதலில் கிளப்பிவிட்டது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் ஆரஞ்சுப் பழம்தான். கோயமுத்தூர் கணபதியில் இருக்கும் ராமாமணி பம்ப்ஸ் கம்பெனியின் வரவேற்பு மேசைமேல் திங்கட்கிழமை காலை ஒரு பை ஆரஞ்சு வந்து உட்கார்ந்தது. மதியத்துக்குள் அதற்குத் துணையாக இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில். பொழுது சாயும் நேரத்தில் பல்லடத்து டீலர் ஒருவர் இளநீர்க் குலையோடு வந்து இறங்கி, செக்யூரிட்டியின் காதருகே குனிந்து, வலப்பக்கமா இடப்பக்கமா என்று விசாரித்தார்.

கண்ணையாவோ அந்நேரம் பெங்களூரில் மகள் வீட்டு மொட்டைமாடியில், பிறந்து ஒரு மாதமே ஆன பேரனைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கல்லுக்குண்டு மாதிரி உலாத்திக்கொண்டிருந்தார்.

வாதம் வந்தது ஆளுக்கு இல்லை, முகத்துக்கு. அதற்குக் காரணம் தல்ஹா.

தல்ஹாவுக்குக் கோட்டைமேட்டில், மாமாவின் அத்தர்க் கடைக்கு மேலே ஒரு அறை. பச்சைத் துணி, இரண்டு விளக்கு, ஒரு கேமரா, ஒரு கம்ப்யூட்டர். பம்ப் கம்பெனிகளுக்கும் கிரைண்டர் கம்பெனிகளுக்கும் வீடியோ எடுத்துக் கொடுப்பது தொழில். கோயமுத்தூரில் பம்ப் செய்பவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் சம்பந்தி, இல்லாவிட்டால் பழைய பங்காளி, இரண்டும் இல்லாவிட்டால் காலையில் ஒரே பார்க்கில் நடப்பவர்கள். ஒரு வீட்டில் நல்ல பெயர் வாங்கினால் பத்து வீட்டுக்குப் போகும். கெட்ட பெயர் அதைவிட வேகமாகப் போகும். தல்ஹா இதுவரை நல்ல பெயரில் பிழைத்துவந்தான்.

கண்ணையாவின் வீடியோக்கள் அவன் தயவில் வந்தவை அல்ல. கம்பெனிக்கு மனைவியின் பெயரை வைத்த மனிதர் அவர். தண்ணீர் ஏறாத பம்ப்பைப் பற்றி விவசாயிகள் போன் செய்து, ராமாமணி காலையிலிருந்து மக்கர் பண்ணுகிறாள் என்று புகார் சொல்லும்போது, எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று பதில் சொல்லிப் பழகியவர். வெள்ளிக்கிழமைதோறும் கையில் ஏதாவது ஒரு பாகத்தைத் தூக்கிக்கொண்டு, கடைசல் பட்டறைச் சத்தத்துக்கு நடுவே நின்று, போனில் தானே ஒரு வீடியோ எடுத்து டீலர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். பாதி நேரம் விரல் கேமராவை மறைக்கும். கிணற்றுக்குள் குழாய் முனையில் மாட்டும் புட்வால்வைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, அந்தியூரில் மழையா என்று கேட்டு, இருமி, யாரையோ கூப்பிட்டுத் திட்டி, மறுபடி புட்வால்வுக்கு வருவார். டீலர்கள் ஒருவர் விடாமல் பார்ப்பார்கள்.

மகன் ஸ்ரீனிவாஸுக்கு அதைப் பார்த்தால் உடம்பெல்லாம் கூசும். புதிய மோட்டார் வரிசையை வடநாட்டுக்கு அனுப்பப்போகிற கம்பெனியின் முதலாளி, பனியனோடு நின்று இருமலாமா என்பது அவர் கட்சி. அப்பா பேரனைப் பார்க்க ஒன்றரை மாதம் பெங்களூர் போகிறார் என்றானதும் அவர் தல்ஹாவைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை வீடியோ நிற்கக்கூடாது, அதே சமயம் பழையபடியும் இருக்கக்கூடாது, வழி உண்டா என்று கேட்டார். தல்ஹா உண்டு என்றான். ஒருமுறை ஆளை உட்காரவைத்துச் சில நிமிடம் எடுத்தால் போதும், பிறகு நாம் எழுதிக் கொடுப்பதை அவர் முகமும் குரலும் பேசும் என்று விளக்கினான். அவதார் என்று பெயர் சொன்னதும் ஸ்ரீனிவாஸ் முகத்தில் வெளிச்சம் வந்தது. தல்ஹாவுக்கும் புதுப் பொம்மையைப் பிரிக்கும் ஆசை.

படம் பிடிக்கும் நாளில் கண்ணையா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்தார். தல்ஹா பாடம் சொன்னான். லென்ஸையே பார்க்க வேண்டும். தலையை ரொம்ப ஆட்டக்கூடாது. கை நெஞ்சுக்குக் கீழே இருக்கட்டும். ஒரு வாக்கியம் முடிந்ததும் வாயை மூடிச் சற்று நிற்க வேண்டும். முகத்தில் லேசான சிரிப்பு. அவர் மடியில் ஒளித்து வைத்திருந்த புட்வால்வைத் தல்ஹா கெஞ்சிப் பிடுங்கி அப்பால் வைத்தான். கையில் ஒன்றுமில்லாமல் போனதும் அவருக்குப் பேச்சே வரவில்லை. சிரிப்பு சுத்தமாக வரவில்லை. கடைசியில் ராமாமணி அம்மாள் லென்ஸுக்கு நேர் பின்னால் வந்து நின்று, அவரைப் போலவே கையைக் கட்டி, உதட்டைப் பிதுக்கிக் காட்டினார். கண்ணையா சிரித்துவிட்டார். வாய் ஓரத்தில் தொடங்கிக் கண்ணுக்குப் போகும் சிரிப்பு. தல்ஹா அதைப் பிடித்துக்கொண்டான்.

பிறகு, என் முகத்தையும் குரலையும் வைத்து இப்படிச் செய்ய எனக்குச் சம்மதம் என்று ஒரு வாசகத்தைக் கேமராவைப் பார்த்து வாசிக்க வேண்டும். அது இல்லாமல் அந்த மென்பொருள் வேலையைத் தொடங்காது. கண்ணையா வாசித்து முடித்துவிட்டு, தன் பங்குக்கு ஒரு வாசகம் சேர்த்தார்.

"தம்பி, மூஞ்சியக் குடுத்துப்போட்டேன். நாஞ் சொல்லாத பேச்ச அதுல வெச்சுப்போடாதீங்க."

தல்ஹா நெஞ்சில் கைவைத்துச் சரியென்றான்.

முதல் வீடியோ கேபிள் தடிமனைப் பற்றியது. பிரமாதமாக வந்தது. இருமல் இல்லை, விரல் இல்லை, பட்டறைச் சத்தம் இல்லை. குழுவில் கட்டைவிரல்கள் குவிந்தன. ஸ்ரீனிவாஸ் தல்ஹாவின் தோளில் தட்டி, இது இயந்திரம் என்று யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றார். அப்பாவுக்கு வரும் அழைப்பும் குழுச் செய்தியும் அலுவலகத்துக்கே வரும்படி போனை மாற்றி வைத்தார். குழந்தை தூங்கும் வீட்டில் போன் அலறக்கூடாது என்பது அதற்கு அவர் சொன்ன காரணம்.

இரண்டாவது வாரம் முணுமுணுப்பு தொடங்கியது. அண்ணன் ஏன் கையில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை என்று ஒருவர். ஏன் சிரித்தபடியே முறைக்கிறார் என்று இன்னொருவர். ஒரு 'ங்க' கூட இல்லையே, முதலாளிக்கு நம்மேல் என்ன கோபம் என்று மூன்றாமவர். ஸ்ரீனிவாஸ் எழுதிக் கொடுத்தது பாடப்புத்தகத் தமிழ். எழுதியதை எழுதியபடி வாசிக்கத்தான் அதற்குத் தெரியும். எழுத்தில் இல்லாத மரியாதையை அது எங்கிருந்து கொண்டுவரும்? அவர் பேசுவது போலவே எழுதிக் கொடுங்கள் என்று தல்ஹா சொல்லிப் பார்த்தான். வடநாட்டுக்குப் போகிற கம்பெனி என்று ஸ்ரீனிவாஸ் மறுபடி ஆரம்பித்தார். அதோடு ஒவ்வொரு வாரமும் இவனை எதிர்பார்க்க வேண்டாம் என்று மென்பொருளின் கடவுச்சொல்லையும் வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது வீடியோவைத் தல்ஹா உக்கடத்தில் டீக்கடையில் நின்றபடி பார்த்தான். டீ ஆறிப்போனது.

கோபிசெட்டிபாளையம் சுப்பண்ணனின் தாயார் சென்னியம்மாள் தவறிவிட்டார். சுப்பண்ணன் கம்பெனியின் முதல் டீலர். கண்ணையாவோடு மாமா, மாப்பிள்ளை என்று பழகியவர். ஸ்ரீனிவாஸ் செய்தி கேட்டதும் அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் மனிதர் அந்த நிமிடமே கிளம்பிவிடுவார், கைக்குழந்தை வீட்டிலிருந்து கேதத்துக்குப் போய்த் திரும்ப வேண்டாமே என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். தானும் ஏதோ வேலை என்று போகவில்லை. அதற்குப் பதில் இரங்கல் வாசகம் ஒன்றை எழுதி, இயந்திரத்திடம் கொடுத்து, குழுவில் போட்டுவிட்டார்.

கண்ணையா வெள்ளைச் சட்டையில் தோன்றினார். வாய் ஓரத்தில் தொடங்கிக் கண்ணுக்குப் போகும் அதே சிரிப்பு. "நமது மூத்த விற்பனையாளர் திரு. சுப்பண்ணன் அவர்களின் தாயார் காலமானார்" என்றார். காலமானார் என்ற இடத்தில் வலது கை மெதுவாக எழுந்து, வாங்க வாங்க, உள்ளே வந்து உட்காருங்கள் என்பது போல விரிந்தது. "ஆழ்ந்த துயரம்" என்னும்போது தலையைச் செல்லமாகச் சாய்த்தார். கடைசியில் வாயை மூடி, லென்ஸையே பார்த்தபடி, நிறைந்த முகத்தோடு நின்றார்.

அதன் மேல் குற்றம் இல்லை என்பது தல்ஹாவுக்குத் தெரியும். அன்று எடுத்த சில நிமிடப் படம்தான் அதன் உடம்பு. அதையே திருப்பித் திருப்பி ஓட்டி, வாயை மட்டும் புதிய பேச்சுக்குத் தகுந்தபடி வரைந்துகொள்கிறது. கேபிளுக்கு எழுந்த கைதான் சாவுக்கும் எழும். சொல்லின் அர்த்தம் அதற்குத் தேவையே இல்லை. உற்றுப் பார்த்தால் உதடு ஒட்டிப் பிரிய வேண்டிய இடத்தில் ஒரு இழை பிந்துகிறது. கண் இங்கே அங்கே போவதில்லை. பெருமூச்சு இல்லை. மரப்பாச்சி பேசினால் யாரும் பயப்படமாட்டார்கள். இது அப்படி இல்லை. மனிதனுக்கு அவ்வளவு கிட்டே வந்து, கடைசி எட்டில் நின்றுகொள்கிறது. பார்ப்பவனுக்கு அந்த மிச்ச இடைவெளிதான் உறுத்துகிறது. இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தோன்றுகிறது.

டீலர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். முகம் இழுத்துக்கொண்டது, வீட்டார் மறைக்கிறார்கள், பாவம் என்றது ஒரு கட்சி. அவர்கள்தான் ஆரஞ்சு வாங்கினார்கள். பணம் சேர்ந்ததும் எழவு வீட்டைப் பார்த்துச் சிரிக்கிறான் என்றது மறு கட்சி. அதற்குத் தலைவர் சுப்பண்ணன். அவர் குழுவில் ஒரு சொல் எழுதவில்லை. கடைக்கு மேலே இருந்த ராமாமணி பம்ப்ஸ் போர்டைக் கழற்றிவிட்டார். அதன் படம் மட்டும் குழுவுக்கு வந்தது, சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்த நிலையில். அந்தியூர் டீலரும் பவானி டீலரும் அடுத்து எதைக் கழற்றுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஸ்ரீனிவாஸ் தல்ஹாவைக் கூப்பிட்டு, ஆரஞ்சுப் பைகளுக்கு நடுவே உட்காரவைத்துப் பேசினார். முகத்தைச் செய்தது நீ, சிரிப்பை வைத்தது நீ, எனவே சுப்பண்ணனைத் திருப்பிக் கொண்டுவர வேண்டியதும் நீ. அப்பா வருவதற்குள் போர்டு மேலே ஏற வேண்டும். அப்பா காதுக்கு இது போகக்கூடாது. இல்லையென்றால் இந்த ஊரில் எந்தப் பம்ப் கம்பெனி வாசலையும் நீ மிதிக்க முடியாது. சத்தம் போடாமல், ஒரு ஆரஞ்சை உரித்துக்கொண்டே சொன்னார். அதனால் இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் காலை தல்ஹா பைக்கில் கோபிக்குக் கிளம்பினான். அவிநாசி தாண்டி, நம்பியூர் தாண்டி, வாழைத்தோட்டங்கள் தொடங்கும்வரை என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனான். கடைக்கு முன்னால் இறங்கியபோது எல்லாம் மறந்துவிட்டது.

சுப்பண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மழிக்காத முகம். போர்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே மாலை போட்ட படத்தில் சென்னியம்மாள். தல்ஹா தன்னைச் சொல்லிக்கொண்டதும் அவர் மரியாதையாக உட்காரச் சொன்னார், மனைவி பழனியாத்தாளைக் கூப்பிட்டு டீ வைக்கச் சொன்னார், பிறகு மரியாதை குறையாமல் கிழிக்க ஆரம்பித்தார். தன் தாயின் கையால் களியும் கீரையும் தின்றவன் கண்ணையா. படுக்கையில் கிடந்தபோதுகூட, அந்தப் பம்ப்புக்காரப் பையன் வந்தானா என்று அம்மா கேட்டாள். அவன் வரவில்லை. வராதது போகட்டும். சிரித்தானே, அதுதான் ஆறவில்லை.

தல்ஹா உண்மையைச் சொன்னான். அது அவர் இல்லை, இயந்திரம் என்றான்.

சுப்பண்ணன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, கோயமுத்தூர்ல இருந்து இதச் சொல்றதுக்கா பெட்ரோல் போட்டுட்டு வந்தீங்க? மூஞ்சி அவன்ற மூஞ்சி. கொரலு அவன்ற கொரலு. மெசினாமா, மெசினு."

இனி வாயால் ஆகாது. தல்ஹா பையிலிருந்து மடிக்கணினியை எடுத்துக் கடை மேசையில் விரித்தான். நீங்கள் ஏதாவது சொல்லுங்கள், அதை அவர் சொல்வார் என்றான். சுப்பண்ணன் நம்பாமல், பழனியாத்தாள் போட்ட டீ நன்றாக இருக்கிறது என்று சொல்லச் சொல் என்றார். தல்ஹா தட்டினான். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுப்பண்ணன் டீயைக் குடித்து முடித்தார், ஒரு ஆளுக்குக் குழாய் வளைவு எடுத்துக் கொடுத்தார், திரும்பி வந்து பார்த்தபோதும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. உன் மெசினுக்கும் ராமாமணி போலத் தண்ணீர் ஏறவில்லையா என்றார். அப்போது கண்ணையா வந்தார். வெள்ளைச் சட்டை, சிரிப்பு. பழனியாத்தாள் போட்ட டீ மிக நன்றாக இருக்கிறது என்றார். வலது கை எழுந்து விரிந்தது.

அடுப்படியிலிருந்து பழனியாத்தாள் எட்டிப் பார்த்தார். கட்டிய நாளாக ஒருவரும் சொல்லாததை இந்த மெசினாவது சொன்னதே என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சுப்பண்ணனுக்குக் கண் விரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அடுத்து என்ன சொல்லவைக்கலாம் என்று யோசித்தார். அவர் முகத்தில், வாத்தியார் இல்லாத வகுப்பில் கரும்பலகை கிடைத்த பையனின் களை. கொடிவேரி அணைக்கட்டுக்கு ஒருகாலத்தில் டீலர்கள் எல்லாம் போயிருந்தபோது, சீட்டாட்டத்தில் கண்ணையா ஜெயித்தது மோசடி என்பது அவருடைய நெடுநாள் வழக்கு. கண்ணையா ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. சுப்பண்ணன் சொல்லச் சொல்லத் தல்ஹா தட்டினான். இந்த முறை 'ங்க' எல்லாம் போட்டு, பேசுகிறபடியே எழுதினான். தட்டும்போது நெஞ்சில் கைவைத்தது நினைவுக்கு வந்தது. போர்டும் நினைவுக்கு வந்தது. தட்டி முடித்தான்.

"மாமா, அன்னைக்குக் கொடிவேரில ஜோக்கர வேட்டிக்கடியில வெச்சது நாந்தானுங்க. சுத்தமா ஏமாத்திப்போட்டேனுங்க" என்றார் கண்ணையா, நிறைந்த சிரிப்போடு. தலையைச் செல்லமாகச் சாய்த்தார்.

சுப்பண்ணன் மேசையில் அடித்துச் சிரித்தார். மறுபடி போடச் சொன்னார். அதைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டார். கடைக்கு வந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். தல்ஹாவுக்கு உயிர் திரும்பி வந்தது. போர்டு ஏறிவிடும் என்று நினைத்தான்.

நாலாவது முறை பார்க்கும்போது சுப்பண்ணன் சிரிக்கவில்லை. கையைப் பார், கேதம் சொன்னபோதும் அதே கைதான் வந்தது என்றார். தல்ஹா ஆமாம் என்றான். சுப்பண்ணன் தன் போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு மெல்லிய குரலில் கேட்டார்.

"கண்ணு, இன்னொன்னு சொல்ல வைங்க. 'மாமா, ஆத்தா போனதுக்கு வரமுடியாமப் போச்சு, மனசுல வெச்சுக்காதீங்க'ன்னு. சிரிப்ப மட்டும் எப்படியாவது எடுத்துப்போடுங்க. அது போதுமுங்க. போர்ட நானே மாட்டிடறேன்."

தல்ஹாவின் விரல் விசையின் மேல் இருந்தது. ஒரு வரிதான். சிரிப்பை எடுக்க முடியாது, அது அந்தப் படத்திலேயே ஊறியது. ஆனால் முகத்தைச் சின்னதாக்கி ஓரமாக வைத்துவிட்டால் சுப்பண்ணனுக்குத் தெரியப்போவதில்லை. போர்டு ஏறும், ஸ்ரீனிவாஸ் சிரிப்பார், கண்ணையாவுக்குத் தெரியவே வராது. அவன் மாலை போட்ட படத்தைப் பார்த்தான். மடிக்கணினியை மூடினான்.

"அத அவருதானுங்க சொல்லணும்" என்றான். "அவருக்குத் தெரியவே தெரியாதுங்க. யாரும் சொல்லலைங்க."

சுப்பண்ணன் திரும்பினார். தல்ஹா போனை எடுத்தான். கண்ணையாவின் எண் அலுவலகத்துக்குத்தான் போகும். அவரோடு பெங்களூர் போயிருக்கும் ராமாமணி அம்மாளின் எண் அவனிடம் இருந்தது. படம் பிடித்த அன்று, சிரிப்பு வந்த துண்டை எனக்கு அனுப்பு என்று கேட்டு வாங்கியிருந்தார். அதை அழுத்தும்போது, இனி கிரைண்டர் கம்பெனிகளை மட்டும் வைத்துக் குடும்பம் ஓடுமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தான். ஓடாது.

அம்மாள் எடுத்தார். போன் கை மாறியது. தல்ஹா சென்னியம்மாள் தவறிய செய்தியையும் வீடியோவையும் போர்டையும் சுற்றி வளைக்காமல் சொன்னான். மறுமுனையில் பேரன் மட்டும் எங்கோ சிணுங்கினான்.

"அங்கயே இருங்க. வாரேன்" என்றார் கண்ணையா.

சுப்பண்ணனும் அதையேதான் சொன்னார். வருவதாகச் சொல்வது அவரா, அதுவும் மெசினா என்று யார் கண்டது, ஆள் வந்து சேரும்வரை நீ நகரக்கூடாது என்று பைக் சாவியை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். பிணைக்கைதிக்கு மதியம் வாழையிலை போட்டுப் பரிமாறினார்கள். பழனியாத்தாள் வேண்டாம் வேண்டாம் என்றவனுக்கு மூன்றாம் முறையும் ரசம் ஊற்றினார். அதன் பிறகு அவன் பம்ப் டப்பாக்களுக்கு இடையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் அந்த மெசின்காரப் பையனாக அறிமுகமானான்.

வெயில் இறங்கும் நேரத்தில் திம்பம் மலைப்பாதைப் புழுதியோடு கார் வந்து நின்றது. முதலில் ராமாமணி அம்மாள் இறங்கினார். பின்னால் கண்ணையா. கசங்கிய சட்டை, தோளில் குழந்தை கக்கிய கறை. சுப்பண்ணன் நாற்காலியை விட்டு எழவில்லை. தல்ஹாவைப் பார்த்து, இது எந்தக் கண்ணையா என்று நீயே பார்த்துச் சொல் என்பது போலப் புருவத்தை உயர்த்தினார்.

கண்ணையா யாரையும் பார்க்காமல் நேரே படத்துக்கு முன்னால் போய் நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை அவருக்கு. கூப்பினார், பிரித்தார், சுவரைப் பிடித்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். இருமல் வந்தது. திரும்பி, சுப்பண்ணனுக்கு எதிரே இருந்த மோட்டார் பெட்டிமேல் உட்கார்ந்தார்.

"கடைசியா என்னுங்க மாமா சாப்புட்டாங்க ஆத்தா?" என்றார்.

"கஞ்சி. ரெண்டு வாய்."

அவ்வளவுதான். கண்ணையாவின் முகம் ஒரு பக்கமாகக் கோணியது. அழுகை அழகாக வரவில்லை. உதடு இழுத்துக்கொண்டது, மூக்கு ஒழுகியது, துண்டைத் தேடினால் துண்டு இல்லை, சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார். பக்கவாதக் கட்சி இப்போது பார்த்திருந்தால் ஆம்புலன்ஸையே கூப்பிட்டிருக்கும்.

சுப்பண்ணன் தன் தோள் துண்டை எடுத்து நீட்டினார்.

"இது ஒரிஜினல்தானுங்க தம்பி" என்றார் தல்ஹாவிடம். "உங்க மெசினுக்கு மூக்கு ஒழுகல."

கொஞ்சம் கழித்து, போர்டு ஒரே தூசியாக இருக்கிறது, துடைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, பைக் சாவியை மேசைமேல் வைத்தார். அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. டீ வந்ததும் போனை எடுத்து, மாப்பிள்ளை இதைக் கொஞ்சம் பாருங்கள் என்று கொடிவேரிச் சீட்டாட்டத்தை ஓட்டிக் காட்டினார்.

கண்ணையா தன் வாக்குமூலத்தை முழுசாகக் கேட்டார். இரண்டாம் முறையும் கேட்டார். தல்ஹா குழாய் வளைவுகளை எண்ணத் தொடங்கினான். ராமாமணி அம்மாள் எட்டிப் பார்த்து, இந்தச் சிரிப்பு எனக்குச் சிரித்தது, இதை ஊர் முழுக்க விநியோகம் பண்ணியிருக்கிறீர்கள் என்றார். கண்ணையாவுக்குக் காது சிவந்தது.

அவர் தல்ஹாவைத் திட்டவில்லை. நீ போன் பண்ணினாய், அது பெரிய காரியம், அதை மறக்கமாட்டேன் என்றார். பம்ப்புக்காரர்கள் வாசலை உனக்கு எவனும் அடைக்க முடியாது, ஸ்ரீனிவாஸிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். தல்ஹா மூச்சு விட்டான்.

"ஆனா எம் மூஞ்சில நாஞ் சொல்லாத பேச்ச வெச்சுப்போட்டீங்களே தம்பி. அதுக்கு என்ன பண்றது?"

என் கூலியில் கழித்துக்கொள்ளுங்கள் என்றான் தல்ஹா.

"ஒன்னும் வேண்டாம். உங்க மூஞ்சியக் குடுங்க."

தீர்ப்பு அப்படியே நிறைவேறியது. கண்ணையாவின் அவதார் அழிக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை வீடியோவில் அவர் பனியனோடு, புட்வால்வோடு, இருமலோடு திரும்பி வந்தார். விரல் கேமராவை மறைத்தது. குழுவில் ஒரு டீலர், அண்ணன் பூரணமாகக் குணமாகிவிட்டார் என்று எழுதினார். கேபிள் தடிமன், போல்ட் அளவு போன்ற உணர்ச்சி தேவைப்படாத சங்கதிகளை மட்டும் இனி இயந்திரம் சொல்லும், பேசுவது இயந்திரம் என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கும், அந்த முகம் தல்ஹாவின் முகமாக இருக்கும் என்று ஏற்பாடாயிற்று. ஸ்ரீனிவாஸ் மறுபேச்சு பேசவில்லை. ஆரஞ்சுகளைக் கொண்டுவந்தவர்களுக்கு ஒவ்வொருவராக போன் செய்து நன்றி சொல்லும் வேலை அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

கோட்டைமேட்டு அறையில் தல்ஹா தன் பச்சைத் துணிக்கு முன்னால் தானே உட்கார்ந்தான். சிரிப்பு வரவில்லை. அம்மா உம்மல் குல்சும் லென்ஸுக்குப் பின்னால் வந்து நின்று, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கட்டுமா என்று கேட்டார். அவன் முகத்தில் ஏதோ ஒன்று வந்தது. சிரிப்பு என்றே வைத்துக்கொண்டார்கள்.

தல்ஹா முகத்தோடு முதல் வீடியோ குழுவுக்குப் போய்ச் சில நாள் ஆகியிருக்கும். தல்ஹா மேலே வேலையாக இருந்தான். கீழே அத்தர்க் கடை வாசலில் யாரோ, தம்பி ஊடு இதுதானுங்களா என்று கேட்கும் குரல். எட்டிப் பார்த்தான். மழித்த முகத்தோடு, வெள்ளை வேட்டியில் சுப்பண்ணன். கையில் ஒரு பெரிய பை ஆரஞ்சு.

உம்மல் குல்சும் பதறி வெளியே வந்தார். சுப்பண்ணன் பையை அவர் கையில் கொடுத்து, முகத்தை மிகுந்த வருத்தமாக வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங்கம்மா, தம்பிக்கு இப்ப எப்படி இருக்குதுங்க? வலப்பக்கமுங்களா, இடப்பக்கமுங்களா?"